நீ பாத்துக்க

அம்மா என்னிடம் கடைசியாகப் பேசியது ஐந்து சொற்கள். "அவன் எங்கய்யா போவான்? நீ பாத்துக்க." மதுரையில் ஒரு மருத்துவமனையில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். 2017 ஆவணி மாதம் அது. மூன்றாம் நாள் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, அந்த ஐந்தில் கடைசி இரண்டை மட்டும் எடுத்துச் சபையில் சொன்னேன். எனக்கும் தம்பிக்கும் பதினான்கு மாதம் பேச்சுவார்த்தை அற்றுப்போனது அதனால்தான். கூடப்பிறந்தவர்களைத் தவிர இதுவரை ஊரில் யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை.

வீடு திருமங்கலத்தில் இருக்கிறது. இருபத்தோரு அடி அகலம், அறுபது அடி நீளம். மூன்று சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 1984-ல் அம்மா தாய்வீட்டில் போட்ட நகையை விற்று வாங்கியது. அப்பாவுக்கு அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை வேலை. அந்தச் சம்பளம் சாப்பாட்டுக்கே சரியாக இருக்கும். நகை அவளுடையது, பத்திரமும் அவள் பேரில்தான் இருக்க வேண்டும் என்று மாமா பிடிவாதமாக நின்று பதிந்தார். அப்பா 2006-ல் காலமானார். நான் வங்கி வேலையில் ஊர் ஊராகப் போய்க் கடைசியில் தாம்பரத்தில் ஒரு பிளாட் வாங்கித் தங்கிவிட்டேன். தங்கச்சி அருப்புக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டாள். தம்பி மட்டும் வீட்டோடு இருந்தான். வீட்டின் முன்னறையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். உள்ளே நுழைந்தாலே வார்னிஷ் வாசம் அடிக்கும். அந்த வாசத்தில்தான் அம்மா தன் கடைசி ஒன்பது வருடங்களை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், அவன் பக்கத்தில் உட்கார்ந்து கழித்தாள். சர்க்கரைக்கு ஊசி போட்டது, கால் புண்ணுக்குக் கட்டு மாற்றியது, ராத்திரியில் கைப்பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப் போனது எல்லாம் அவனும் அவன் மனைவியும்தான். மாடியில் ஓர் அறையும் கீழே புது கழிப்பறையும் அவன் சொந்தப் பணத்தில் கட்டியவை.

பதினாறாம் நாள் மாமாதான் பேச்சை எடுத்தார். "வீட்டை என்னப்பா செய்யப் போறீங்க?" தம்பி தயங்காமல் சொன்னான்: "அம்மா எனக்குன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கு மாமா. 'இந்த வீடு உனக்குத்தான்டா'ன்னு எத்தனையோ தடவை சொல்லுச்சு." அவன் மனைவி தலையாட்டினாள். பக்கத்து வீட்டு அத்தையும் ஆமென்றார். எனக்குச் சுருக்கென்றது. கையெழுத்து இல்லாத ஒரு பேச்சை வைத்து என் பங்கு கண்ணெதிரே போகிறது என்று மட்டும் தோன்றியது. "எங்கிட்ட ஆஸ்பத்திரியில சொன்னது வேற. 'நீ பாத்துக்க'ன்னு என் கையைப் பிடிச்சுச் சொன்னாங்க. வீட்டை விக்காம, மூத்தவன் பொறுப்புல எல்லாருக்கும் பொதுவா வச்சுக்கச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

பாத்துக்க என்ற சொல்லுக்குத் தமிழில் யாரை என்றும் எதை என்றும் சொல்ல வேண்டியதில்லை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்திருந்தால் போதும். "அவன் எங்கய்யா போவான்?" என்று முன்னால் இருந்தால் தம்பியைப் பார்த்துக்கொள் என்று ஆகும். அதை வெட்டிவிட்டால் வீட்டைப் பார்த்துக்கொள் என்று ஆகிவிடும். வெட்டினேன் என்று தெரிந்தேதான் வெட்டினேன். மறந்துபோய்ச் சொன்னதில்லை அது. மூத்தவன் பொறுப்பு, பொது என்பதெல்லாம் நானே ஒட்டிக்கொண்டது.

அன்று மாலையே குரல் உயர்ந்தது. "ஒன்பது வருசம் எங்கண்ணே இருந்த?" என்று அவன் கேட்டான். மாதாமாதம் பணம் அனுப்பினேனே என்றேன். "பணம் பீ அள்ளுமா?" என்றான். அதற்குப் பதில் இல்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மறு வருடம் தலைத்திவசத்தை அவன் வீட்டில் செய்தான். நான் ராமேஸ்வரத்தில் செய்தேன். ஒரே தாய்க்கு ஒரே நாளில் இரண்டு இடத்தில் பிண்டம். மாமா போன் போட்டு அழுதார்.

இன்னொன்றும் உண்டு. சபையில் பேச்சு வந்தபோது, தங்கச்சிக்கும் உண்டா என்று யாரோ ஒரு கிழவர் கேட்டார். தம்பி, "அக்காவுக்கு 88-லயே கல்யாணம் ஆயிருச்சு. 89-க்கு முன்னாடி கட்டிக்குடுத்த பொண்ணுக்குப் பங்கு கிடையாது" என்றான். ஊரில் பாதிப்பேர் இன்னும் இப்படித்தான் நம்புகிறார்கள். தமிழ்நாட்டில் 1989-ல் வந்த திருத்தம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது. அதில்தான் அதற்கு முன்பே மணமான பெண்களை விட்டிருந்தார்கள், அதையும் 2005-ல் வந்த மத்தியச் சட்டம் மாற்றிவிட்டது. தாய் தன் பணத்தில் வாங்கிய சொத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உயில் எழுதாமல் இந்துப் பெண் இறந்தால் மகன், மகள், கணவன் மூவகையினருக்கும் சமபங்கு என்று 1956-ஆம் வருடத்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவே சொல்கிறது. எனக்கு இது மனப்பாடம். வீட்டுக் கடன் பிரிவில் இருபது வருடம் அடுத்தவர் பத்திரத்தைப் புரட்டிய ஆள் நான். மகள் கையெழுத்து இல்லை என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. தங்கச்சி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாரிசுச் சான்றிதழ் வந்தபோது அதில் மூன்று பெயர்கள் இருந்தன. அதை எடுத்துக்கொண்டு மதுரையில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அம்மா என்ன சொன்னார்கள் என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார். "என்ன சொன்னாங்கங்கிறது எனக்கு வேணாம் சார். எழுதினாங்களா?" இல்லை. "அப்ப அவர் சொல்றதும் செல்லாது, நீங்க சொல்றதும் செல்லாது. போர்முனையில இருக்கிற சிப்பாய் வாயால சொன்னா உயில். உங்க அம்மா சொன்னா ஆசை. அவ்வளவுதான்." ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றார்.

அப்புறம் ஒரு தாளில் வீட்டை வரைந்து குறுக்கே இரண்டு கோடு போட்டுக் காட்டினார். இருபத்தோரு அடியை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு ஏழடி. நடுப்பங்கு வாங்கியவனுக்கு ஜன்னல் கிடையாது. படிக்கட்டு ஒருவன் பங்கில், கிணறு இன்னொருவன் பங்கில். பாகப்பிரிவினை வழக்கு போட்டால், முதலில் இன்னாருக்கு இத்தனை பங்கு என்று தீர்ப்பு வரும். பிறகு கோர்ட் ஒரு கமிஷனரை அனுப்பி அளக்கும். பிரிக்க முடியாது என்று அவர் எழுதிவிட்டால், 1893-ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டப்படி விற்றுப் பணமாகப் பங்கு வைக்கக் கேட்கலாம். "ஆனா ஒண்ணு சார். பாதிக்குக் குறையாம பங்கு இருக்கிறவங்க கேட்டாத்தான் அந்த விற்பனை. உங்ககிட்ட மூணுல ஒண்ணுதான் இருக்கு. தங்கச்சி உங்க பக்கம் வந்தா மூணுல ரெண்டு."

விற்கக் கூடாது என்று அம்மா சொன்னதாகச் சபையில் சொன்னவன் நான். வக்கீல் வீட்டுப் படி இறங்கும்போது விற்பனைக்கு ஆள் சேர்க்க அருப்புக்கோட்டை பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி காப்பி கொடுத்தாள். நான் சட்டத்தை விளக்கினேன். உனக்கும் பங்கு உண்டு, நான் வாங்கித் தருகிறேன் என்றேன், ஏதோ என் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பவன் போல. கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்க ரெண்டு பேர்கிட்டயும் அம்மா வீட்டைப் பத்திச் சொல்லியிருக்கு. எங்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்லண்ணே. போன் பண்ணா பிள்ளைங்க சாப்பிட்டுச்சான்னுதான் கேக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு தடவை மட்டும் சொல்லுச்சு. பெரியவன் தை மாசம் வர்றான், பத்திரத்தை அவன் கையில குடுத்து எழுதச் சொல்லப் போறேன்னு. நீ வந்தப்ப குடுத்துச்சுல்ல?"

நான் பேசவில்லை.

"சித்திரை வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு, பெரியவன் எழுதிக் கொண்டாருவான்னு. அப்புறம் சொல்றதை விட்டுருச்சு."

கொடுத்தாள். 2016 தீபாவளிக்கு வந்தபோதே அம்மா கேட்டாள்: "ஏய்யா, எனக்கப்புறம் சண்டை வரக்கூடாது. எழுதி வச்சிருவமா?" தை பிறக்கட்டும்மா என்றேன். பொங்கலுக்கு வந்தபோது சாப்பிட்டு முடித்ததும் பீரோவைத் திறந்து மஞ்சள் பையை எடுத்து வந்தாள். உள்ளே மூலப்பத்திரம், வீட்டு வரி ரசீதுகள், பாச்சா உருண்டை வாசம். பத்திரத்தாளின் மடிப்பெல்லாம் துணி போலத் தேய்ந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் அம்மாவின் பெயர். நான் முதல் வரியிலிருந்து நான்கெல்லை வரை உரக்க வாசித்துக் காட்டினேன். அவள் ஒவ்வொரு எல்லைக்கும் தலையாட்டினாள். வாசித்து முடித்ததும் என் முகத்தையே பார்த்தாள். "பத்திரமா வைங்கம்மா, எலி கடிச்சிரப் போகுது" என்று சொல்லிப் பையில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை அவள் இடுப்பில் செருகிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

வேலைப் பளு, மறதி என்று இதற்கெல்லாம் காரணம் சொல்ல முடியாது. எழுதினால் தம்பிக்குத்தான் எழுதுவாள் என்று நினைத்தேன். எழுதாமல் விட்டால் சட்டம் எனக்கு மூன்றில் ஒரு பங்கு தரும். பிளாட்டுக்கு இன்னும் ஏழு வருடத் தவணை இருந்தது. மூத்தவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். இதெல்லாம் சேர்ந்து அந்த மஞ்சள் பையைப் பூட்டியது. உயில் என்பது எவ்வளவு எளிது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் எங்கள் குடும்பத்தில் இல்லை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவுகூடக் கட்டாயமில்லை. அவள் கையெழுத்தோ ரேகையோ வைப்பதைக் கண்ணால் பார்த்த இரண்டு பேர், அவள் முன்னிலையில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வாங்கப்போகும் பிள்ளையே சாட்சியாக இல்லாமல் வெளியாளாக இருந்தால் பின்னால் பேச்சு வராது. மருந்து கொடுக்கும் டாக்டர் ஒரு சாட்சி என்றால், சுயநினைவோடு எழுதினாளா என்ற கேள்வியும் அடங்கிவிடும். பதிந்துவிடலாம் என்று நினைத்தால், நடக்க முடியாதவர்களுக்குச் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிய வழி உண்டு. நான் ஒரு நாள் லீவு போட்டிருந்தால் போதும்.

"யாருக்குன்னு எழுதச் சொன்னுச்சு?" என்று தங்கச்சியிடம் கேட்டேன். அந்த நேரத்திலும் அதைத்தான் கேட்டேன்.

"நான் கேக்கல. எனக்கும் கொஞ்சம் இருக்கும்னு நெனச்சேன். கேட்டா ஆசைப்படுறான்னு நெனச்சிருமேன்னு விட்டுட்டேன்."

அம்மா என்ன எழுத நினைத்தாள் என்பது அவளோடு போய்விட்டது. தம்பிக்கு முழுவதுமா, மூன்று பேருக்கும் பிரித்தா, எனக்கென்று ஏதாவது இருந்ததா, தெரியாது. தம்பிக்கு மட்டும்தான் என்று நான் நினைத்ததற்குக்கூட ஆதாரம் ஒன்றும் இல்லை, என் பயத்தைத் தவிர. தம்பியிடம் அவள் சொன்னதும் பொய்யில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கொல்லைக்குக் கூட்டிப் போகிற பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு, இந்த வீடு உனக்குத்தான்டா என்று எந்தத் தாயும் சொல்வாள். அந்தச் சொல் நன்றியா, சாசனமா என்று பக்கத்தில் இருந்தவர்களாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வழக்குப் போடவில்லை. அங்கிருந்தே தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு திருமங்கலம் போனேன். பதினான்கு மாதத்துக்குப் பிறகு கடை வாசலில் நின்றேன். தம்பி காயிலைக் கீழே வைக்காமல் நிமிர்ந்து பார்த்தான். மஞ்சள் பை விஷயத்தை முதலில் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டான். அரைமணி நேரம் கழித்து அவன் மனைவி வந்து, "உள்ள வாங்க மச்சான்" என்றாள்.

கணக்குப் பேசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க. விலை முப்பத்தாறு லட்சம் என்று மூன்று புரோக்கர்களிடம் கேட்டு எடுத்தோம். மாடியும் கழிப்பறையும் தம்பி போட்டது. அதற்கு ஆறு லட்சத்தைக் கழித்தோம். மீதி முப்பதில் ஆளுக்குப் பத்து. என் பங்கை அவனுக்கு விட்டுவிடுகிறேன் என்றேன். தங்கச்சியும் அப்படியே சொல்வாள் என்று தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். வழக்கம் அதுதானே, கூடப்பிறந்தவள் சீர்வரிசையோடு திருப்திப்பட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். தங்கச்சி, "எனக்கு வேணும்டா. வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்குது. வேணாம்னு நான் எப்பவும் சொன்னதில்ல. நீங்க ரெண்டு பேரும் கேட்டதே இல்ல" என்றாள். யார் முகத்தையும் பார்க்காமல்தான் சொன்னாள், ஆனால் குரல் கம்மவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் பேசப்பட்டதிலேயே நேர்மையான பேச்சு அது என்பது என் எண்ணம்.

நகையை அடகு வைத்து ஐந்து லட்சம் புரட்டினான் தம்பி. மீதி ஐந்துக்கு இரண்டு வருடத் தவணை. அண்ணன் தம்பிக்குள் எழுத்தெதற்கு என்று மாமா சொன்னார். நான் ஒப்பவில்லை. தங்கச்சி பேருக்குப் புரோநோட்டு எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அதற்கு ஆயுள் மூன்று வருடம்தான், நடுவில் கொடுத்ததைப் பின்புறம் வரவு வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் இருவருக்கும் சொல்லிக் கொடுத்தேன். இருபது மாதத்திலேயே அவன் கடனை முடித்துவிட்டான். புரோநோட்டு வாங்கிய கையோடு நானும் தங்கச்சியும் எங்கள் பங்குகளை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதினோம். குடும்பத்துக்குள் எழுதுவதற்கு அப்போது முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம், அதுவும் 25,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணம் 4,000 வரை. வழக்கென்று போயிருந்தால் கமிஷனர் வீட்டை அளப்பதற்கு முன்பே இதைப்போல எத்தனையோ மடங்கு போயிருக்கும்.

2018 கார்த்திகையில் பதிவு. மழை பெய்துகொண்டிருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் முறை வரும்வரை மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், சின்ன வயதில் சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்ததுபோல, தங்கச்சி நடுவில். புகைப்படம் எடுத்து, ரேகை வைத்து, வெளியே வந்தோம். விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே தம்பி கேட்டான்.

"அண்ணே, அம்மா கடைசில உங்கிட்ட என்னதான் சொல்லுச்சு? முழுசாச் சொல்லு."

சொன்னேன். ஐந்தையும். அம்மா எந்த இடத்தில் மூச்சு வாங்கினாளோ அந்த இடத்தில் நானும் நிறுத்தித்தான் சொல்ல முடிந்தது.

அவன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பாத்துக்கன்னா, என்னையவா? வீட்டையவா?"

"உன்னையத்தான்னு நெனைக்கிறேன். ஆனா கேக்கலப்பா. திருப்பிக் கேட்டிருக்கணும். கேக்கல."

தங்கச்சி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. நாங்கள் இருவரும் அவள் பின்னால் போனோம்.